உறுப்பினர் அல்லாதவர்களை மினிட்ஸில் எழுதுவது எப்படி?

ஒரு குழுவில் 9 உறுப்பினர்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை, அதாவது கோரம், 5. இன்றைய கூட்டத்துக்கு 5 உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். கணக்கு விளக்க அழைக்கப்பட்ட தணிக்கையாளர், வேறொரு சங்கத்திலிருந்து வந்த பார்வையாளர், ஓர் உறுப்பினருக்கு உதவும் மொழிபெயர்ப்பாளர் ஆகியோரையும் சேர்த்தால் அறையில் 8 பேர். இந்தக் கூட்டத்துக்கு மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதிப் பார்ப்போம்.

படி 1: வருகையைப் பிரித்து எழுதுங்கள்

எல்லாரையும் "வந்திருந்தோர்" என்று ஒரே பட்டியலில் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டிலும் உறுப்பினர் அல்லாதவர்கள் தனிப் பக்கத்தில் கையெழுத்திடட்டும். பெயரோடு, எதற்காக வந்தார் என்பதும் இருக்க வேண்டும்:

உறுப்பினர்கள்: (5 பெயர்கள்)
சிறப்பு அழைப்பாளர்: (பெயர்), தணிக்கையாளர், நிகழ்ச்சி நிரலின் பொருள் 2-க்கு மட்டும்
பார்வையாளர்: (பெயர், சங்கம்)
மொழிபெயர்ப்பாளர்: (பெயர்), உறுப்பினர் (பெயர்) அவர்களுக்காக
மேற்கண்ட மூவருக்கும் வாக்குரிமை இல்லை.

படி 2: கோரத்தை உறுப்பினர்களை மட்டும் வைத்து எண்ணுங்கள்

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் இதுதான். 11.20-க்கு ஓர் உறுப்பினர் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அறையில் இன்னும் 7 பேர் இருப்பதால் கூட்டம் நிறைவாகவே தெரியும். ஆனால் உறுப்பினர்கள் 4 பேர்தான்; கோரம் போய்விட்டது. அதன் பிறகு போட்ட தீர்மானம் செல்லாது என்று யாராவது ஆட்சேபம் எழுப்பினால் பதில் சொல்ல முடியாது. அதனால் யார் எப்போது வந்தார், எப்போது கிளம்பினார் என்பதை நேரத்தோடு குறியுங்கள். தணிக்கையாளர் பொருள் 2 முடிந்து வெளியேறியதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த பொருளில் அவர் இல்லை என்பதற்கு அந்த வரிதான் சான்று.

படி 3: பேச்சை உரியவர் பெயரில் எழுதுங்கள்

பார்வையாளர் பேசினால் "தலைவரின் அனுமதியுடன்" என்று தொடங்குங்கள். அழைப்பாளர் நல்ல யோசனை சொன்னாலும் அவரை முன்மொழிந்தவர் என்றோ வழிமொழிந்தவர் என்றோ எழுதக் கூடாது. ஓர் உறுப்பினர் அதை எடுத்து முன்மொழிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் சொல்வது அவருடைய கருத்து அல்ல. "மொழிபெயர்ப்பாளர் எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று எழுதினால் ஓர் உறுப்பினரின் எதிர்ப்பு பதிவிலிருந்தே காணாமல் போகும். "உறுப்பினர் (பெயர்) எதிர்ப்புத் தெரிவித்தார்" என்றே எழுதுங்கள். வாக்கும் அப்படித்தான்: கை தூக்குவது உறுப்பினர், மொழிபெயர்ப்பாளர் கேள்வியை அவருக்குப் புரியவைப்பதோடு சரி.

படி 4: வாக்கைக் கூட்டிப் பாருங்கள்

பொருள் 2-இல் ஆதரவு 3, எதிர்ப்பு 1, நடுநிலை 1. கூட்டினால் 5. அப்போது இருந்த உறுப்பினர்களும் 5 பேர், சரியாக இருக்கிறது. நடுநிலை 4 என்று எழுதியிருந்தால் மொத்தம் 8 வரும். அழைப்பாளர், பார்வையாளர், மொழிபெயர்ப்பாளர் மூவரும் அதில் நுழைந்துவிட்டார்கள் என்று அர்த்தம். வாக்குரிமை உள்ளவர் வாக்களிக்காமல் இருப்பதுதான் நடுநிலை.

"அனைவரும் ஏற்றனர்" என்பதையும் தவிர்த்து, "வந்திருந்த உறுப்பினர்கள் அனைவரும் ஏற்றனர்" என்று எழுதுங்கள்.

படி 5: ஒப்புதல்

தணிக்கையாளர் சொன்ன எண்கள் சரியா என்று அந்தப் பகுதியை மட்டும் அவரிடம் காட்டிக் கேட்கலாம். மினிட்ஸுக்கு ஒப்புதல் தருவது அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் மட்டுமே.