“24 மணி நேரத்தில் பதில்”: இந்த வரி எங்கே உடைகிறது

மென்பொருள் குழு ஒன்று வேலை ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தால் முதலில் விழும் வரி பெரும்பாலும் இதுதான்: “டாஸ்க்கில் எது கேட்டாலும் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.” எல்லோரும் சரி என்று தலையாட்டிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருவர் “நான் கேட்டு மூன்று நாளாச்சு” என்பார். இன்னொருவர் “நான் நேரத்துக்குப் பதில் போட்டேனே” என்பார். இரண்டும் உண்மையாக இருக்கும். அந்த வரியில் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை.

முதலில் விடுபடுவது, யாருடைய 24 மணி நேரம் என்பது. மலேசியாவில் இது சின்ன விஷயம் இல்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு விடுமுறை. பினாங்குப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும் கெடாவில், அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரு குழு, கெடாவின் அலோர்ஸ்டாரில் உள்ள அரசு அலுவலகம் ஒன்றுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் அங்கிருக்கும் அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

வியாழன் மாலை 4 மணிக்குப் பினாங்கு புரோகிராமர் ரிவியூவுக்கு அனுப்புகிறார். அதிகாரி வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வெள்ளியும் சனியும் அவருக்கு விடுமுறை. ஞாயிறு காலை முதல் வேலையாகத் திறந்து பார்த்து, ஒரு சந்தேகம் கேட்டு கமெண்ட் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை புரோகிராமருக்கு விடுமுறை. அவர் திங்கள் காலை பதில் எழுதுகிறார். அன்று மாலை ஒப்புதல் கிடைக்கிறது. இருவரும் தங்கள் கணக்கில் ஒரு வேலைநாளுக்குள் பதில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வியாழனிலிருந்து திங்கள் வரை ஆகிவிட்டது.

இங்கே “இன்னும் வேகமாகப் பதில் சொல்லுங்கள்” என்று யாரையும் விரட்டிப் பயனில்லை. இருவருக்கும் பொதுவான நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். எனவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது வேறு: “அலோர்ஸ்டார் ஒப்புதல் தேவைப்படும் மாற்றம் செவ்வாய் மாலைக்குள் போக வேண்டும்.” அப்படிப் போனால் புதன் அன்று கேள்வி வரும், அன்றே விளக்கம் போகும், வியாழன் அன்று முடிவு வரும். ஒரு பதிலுக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணுவதைவிட, கேள்வியும் பதிலுமாக எத்தனை சுற்று வரும், அவை எந்த நாட்களில் விழும் என்று பார்ப்பது பயனுள்ளது.

விடுமுறை நாட்களிலும் இதே சிக்கல் உண்டு. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூருக்கு விடுமுறை, பினாங்குக்கு வேலைநாள். ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர தினம். அன்று அப்படியே தலைகீழ்: பினாங்குக்கு விடுமுறை, கோலாலம்பூருக்கு வேலைநாள். “ஒரு வேலைநாள் என்பது பதில் சொல்ல வேண்டியவரின் வேலைநாள்” என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிவைத்தால் பாதி சண்டை குறையும்.

அடுத்தது, எது பதில் என்பது. “ஓகே, பார்க்கிறேன்” என்று போட்டுவிட்டுப் போவதும், கட்டைவிரல் குறி போடுவதும் பதில்தானா? காத்திருப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் கணக்குப்படி நேரம் காப்பாற்றப்பட்டுவிட்டது. பதில் என்று ஏற்கத்தக்கவை மூன்றுதான்: “முடித்துவிட்டேன்”, “இந்த நேரத்துக்குள் முடிப்பேன்”, “என்னால் முடியாது, இன்னாரைக் கேளுங்கள்”. “நாளை 11 மணிக்குள் பார்த்துவிடுகிறேன்” என்பது நல்ல பதில். கேட்டவர் அதுவரை வேறு டாஸ்க்கை எடுக்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ரிவியூ என்றால் இதில் இன்னொரு குழப்பம் உண்டு. கூகுள் பொதுவில் வைத்திருக்கும் கோட் ரிவியூ வழிகாட்டி, கோரிக்கைக்குப் பதில் தர அதிகபட்சம் ஒரு வேலைநாள் என்கிறது. அது முதல் பதிலுக்கான வரம்பு; ரிவியூ முழுவதும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று அது சொல்லவில்லை. கவனமாக ஒரு வேலையில் இருப்பவர் அதைப் பாதியில் விட்டு ஓடி வரவேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. பல குழுக்கள் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, “ஒரு நாளில் அப்ரூவல்” என்று மாற்றி எழுதிவிடுகின்றன. அப்புறம் ஆயிரம் வரி மாற்றத்துக்கு இரண்டே நிமிடத்தில் LGTM, அதாவது “எனக்குச் சரியாகத் தெரிகிறது” என்ற ஒப்புதல், வருகிறது. வேகம் கூடி, படிப்பது நின்றுவிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பெரிய மாற்றம் என்றால் முதல் நாளில் “இதை மூன்றாகப் பிரித்து அனுப்புங்கள்” என்று சொல்வதும் முறையான பதில்தான்.

ஸ்டேட்டஸ் கேள்விக்கு நான் காலக்கெடுவே வைக்கமாட்டேன். “இது எங்கே நிற்கிறது?” என்று கேட்கும் நிலை வந்ததே டாஸ்க்கில் அது எழுதப்படாததால்தான். அதற்கு “இரண்டு மணி நேரத்தில் பதில்” என்று விதி வைத்தால், நாள் முழுக்கக் கேள்வி வரும், புரோகிராமரின் காலை நேரம் துண்டு துண்டாகப் போகும். மாறாக, டாஸ்க்கின் நிலை மாறினாலோ எங்காவது சிக்கி நின்றாலோ அன்று வேலை முடிக்கும் முன் இரண்டு வரி எழுத வேண்டும் என்று வையுங்கள்: எதுவரை வந்தது, எதற்காகக் காத்திருக்கிறது. கேட்பவரும் முதலில் டாஸ்க்கைத் திறந்து பார்க்க வேண்டும். அப்படியும் தெரியவில்லை என்றால் கேட்கட்டும். இந்த விதி மேனேஜருக்கும் சேர்த்துத்தான் என்று எழுதாவிட்டால் முதல் வாரமே அது செத்துவிடும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதையும் பலர் எழுதுவதில்லை. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு ரிவியூவை அனுப்பினால், மற்ற மூவரில் ஒருவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஒரு பெயர் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் குழுவின் பெயருக்கு அனுப்பினாலும், முறை வைத்து ஒருவரிடம் தானாக ஒதுக்கும் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கெடு தாண்டிவிட்டால் என்ன செய்வது? இதை எழுதாவிட்டால் எல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். நம் ஊரில் அது ரொம்ப சுலபம். இரவு 9 மணிக்கு குரூப்பில் “பாஸ், அந்த டிக்கெட் என்னாச்சு?” என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் சாப்பாட்டு மேசையிலிருந்தே பதில் போடுவார். அந்தப் பதில் டாஸ்க்கில் இருக்காது. மறுநாள் வேறொருவர் அதையே திரும்பக் கேட்பார். அதைவிட மோசம், எழுதிய விதிக்குப் பதிலாக இரவு 9 மணிப் பதிலே நடைமுறை விதியாகிவிடும். எனவே கெடு தாண்டியதும் அதே டாஸ்க்கில் ஒருமுறை பெயர் சொல்லி நினைவூட்டல். அரை நாள் பார்த்துவிட்டு டீம் லீடரிடம் சொல்வது. லைவ் சிஸ்டம் நின்றுவிட்டால் மட்டும் தொலைபேசி.

ஒப்பந்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க சராசரிப் பதில் நேரத்தை எடுப்பது வழக்கம். சின்னச் சின்னப் பதில்கள் அதை அழகாக்கிவிடும்; நாலு நாளாகக் கிடக்கும் ஒரு ரிவியூ அதில் தெரியவே தெரியாது. வாரம் ஒருமுறை, இப்போது மிக நீண்ட நாளாகக் காத்திருக்கும் மூன்றைத் திறந்து, அவை ஏன் நிற்கின்றன என்று பாருங்கள். மூன்றும் ஒரே ஆளிடம் நின்றால் அவரிடம் வேலை குவிந்திருக்கிறது. மூன்றும் வியாழன் மாலை அனுப்பியவை என்றால் அனுப்பும் நாளை மாற்றுங்கள். ஆட்களின் பெயரோடு வேகப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினால் மட்டும், அடுத்த வாரமே எல்லா ரிவியூவிலும் LGTM மழைதான்.