அந்த எமோஜி யாருடைய முகம்? போட்டோ மீம்களில் நக்கல் தப்பிப்போகும் இடங்கள்

போட்டோ மேல் எமோஜி ஒட்டிச் செய்த மீம் யாருக்கும் பிடிபடவில்லை என்றால், எமோஜியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். 😂 போட்ட இடத்தில் 💀 வைத்துப் பார்ப்போம், அதுவும் சரிவராது. கோளாறு பெரும்பாலும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. மீமைப் பார்ப்பவர் தன்னையறியாமல் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இந்த முகம் யாருடையது என்பதுதான். படத்தில் இருப்பவருடையதா, மீம் போட்டவருடையதா? அது தெரியாதவரை யார் யாரைக் கலாய்க்கிறார்கள் என்பதும் தெரியாது.

ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். ஒருவர் தன் கையாலேயே சுவரில் ஓர் அலமாரி மாட்டியிருக்கிறார். அது ஒரு பக்கமாகச் சரிந்து, புத்தகங்கள் எல்லாம் தாழ்ந்த மூலையில் குவிந்து கிடக்கின்றன. அவரோ பக்கத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறார்.

இதில் 🙂 ஒன்றை அவர் முகத்தின் மேல், தலை சாய்ந்திருக்கும் கோணத்துக்கே திருப்பி வைத்தால், அது அவருடைய முகம் ஆகிவிடும். வேலை சொதப்பியது தெரிந்தும் சமாளிக்கிறார் என்று படிப்போம். அதே 🙂 படத்தின் கீழ் மூலைக்குப் போனால், பார்த்துக்கொண்டு நிற்பவரின் முகம். 'சரி, இதற்கு நான் என்ன சொல்ல' என்கிற தொனி வந்துவிடும். அலமாரியின் மேலேயே வைத்தால் அலமாரி பேசுகிறது. எமோஜி ஒன்றுதான், மீம் மூன்று.

அடிக்கடி நடக்கும் தவறு, இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ வைப்பது. பாதி தோளிலும் பாதி சுவரிலுமாக, ஏறக்குறைய தலை அளவில் ஒரு 😂 இருந்தால், அவர் சிரிக்கிறாரா அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா என்று தெரியாது. தலைக்கு அருகில் தலை அளவில் இருக்கும் எதையும் கண் அந்த ஆளுடையதாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் ரியாக்‌ஷனாகப் படிக்கப்பட வேண்டும் என்றால் உடம்பை விட்டுத் தள்ளி, ஓரத்தில், தலையைவிடத் தெளிவாகச் சிறிதாகவோ பெரிதாகவோ வையுங்கள். 👀, 😒 போல ஒரு பக்கம் பார்க்கும் எமோஜி என்றால் பார்வை அலமாரிப் பக்கம் விழுகிறதா என்று கவனித்து, தேவைப்பட்டால் இடம் வலமாகப் புரட்டிக்கொள்ளுங்கள். படத்துக்கு வெளியே பார்க்கும் 👀 எதையும் சுட்டாது.

இந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய உண்மையான சிரிப்புக்கும் சரிந்த அலமாரிக்கும் இடையே உள்ள பொருத்தமின்மைதான் இதன் உயிர். முகத்தை எமோஜியால் மூடினால் அதையே மூடிவிடுகிறோம். ஆகவே இங்கே முகத்தின் மேல் எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். உணர்ச்சியே இல்லாத முகம் உள்ள படங்களுக்குத்தான் அந்த உத்தி பொருந்தும்.

அடுத்து, படம் ஏற்கெனவே சொன்னதை எமோஜியும் சொல்வது. சரிந்த அலமாரி பக்கத்தில் 😂 வைத்தால் 'சிரியுங்கள்' என்று சொன்னதாகிறது, அவ்வளவுதான். நக்கலுக்கு இடைவெளி வேண்டும். படம் ஒன்றைச் சொல்ல, எமோஜி அதற்கு எதிரானதைச் சொல்ல வேண்டும். அலமாரியின் மேல் ஒரு 🏆 வைத்தால் அது அசல் வஞ்சப்புகழ்ச்சி.

ஆனால் இது வேலை செய்ய, புகழ்ச்சி பொய் என்பதற்கான சாட்சி படத்திலேயே கண்ணில் பட வேண்டும். பலர் ஆளைப் பெரிதாகக் காட்டப் படத்தை வெட்டுவார்கள். சரிவு வெளியே போய்விடும், பிறகு 🏆 உண்மையான பாராட்டாகவே படும். அல்லது தாழ்ந்த மூலை மேலேயே 🏆-ஐ ஒட்டி, சாட்சியை மறைத்துவிடுவார்கள். மேலே தூக்கி நிற்கும் மூலையில் வைத்துப் பாருங்கள். கண் அங்கிருந்து சரிவு வழியாகவே இறங்கிப் புத்தகக் குவியலுக்கு வரும்.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2010-களின் பின்பாதியில் பரவிய டீப் ஃப்ரைடு மீம்களை நினைத்துப் பாருங்கள். நிறம் எரியும் அளவுக்கு ஏற்றப்பட்டு, திரும்பத் திரும்பச் சேமித்ததில் படம் சிதைந்து, மேலே 😂👌💯🅱️ அள்ளித் தெளித்திருக்கும். அங்கே கேலி படத்தில் உள்ளவர் மேல் இல்லை. இப்படி எமோஜி கொட்டிப் பகிரும் பாணியே கேலிக்கு உள்ளாகிறது. ஒரு 😂 சிரிப்பு, இருபது 😂 அந்தச் சிரிப்பைப் பற்றிய நக்கல். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. நான்கைந்து 😂, ஒரே அளவில், வரிசையாக, தெளிவான படத்தில் இருந்தால், போட்டவர் நிஜமாகவே அப்படித்தான் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வழியில் போவதென்றால் முழுசாகப் போக வேண்டும். அளவு மாற வேண்டும், கோணம் மாற வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். வரிசையும் முக்கியம். முதலில் எமோஜிகளை ஒட்டி, எல்லா லேயரையும் ஒன்றாக்கிய பிறகே நிறத்தை ஏற்றுங்கள், படத்தைக் கெடுங்கள். படத்தை முதலில் கெடுத்துவிட்டுப் பளிச்சென்ற எமோஜியை மேலே வைத்தால், அது தனியாக மிதந்து இன்றைய உங்கள் சொந்தச் சிரிப்பாகத் தெரியும்.

படிப்பவர் யார் என்பதையும் விட முடியாது. 😂 2010-இல் யூனிகோடில் சேர்ந்து, 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளின் ஆண்டின் சொல்லாகத் தேர்வானது. அப்புறம் இளையவர்கள் பலர் அதைப் பழசாக்கிவிட்டுச் சிரிப்புக்கு 💀, 😭 என்று போய்விட்டார்கள். 🙂 இன்னும் சங்கடமானது. ஒருவருக்கு அது சாதாரணப் புன்னகை, இன்னொருவருக்கு அடக்கிவைத்த கோபம். மூலையில் வைத்த 🙂 ஒன்றை மட்டும் நம்பிய நக்கல் பாதிப்பேருக்குப் போய்ச் சேராது. 🏆-க்கு அந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் பொருளைச் சரிவு தாங்கிப் பிடிக்கிறது.

நக்கலை எழுத்தில் மட்டும் வைப்பதும் இதே போன்ற தவறு. படத்தில் ஒட்டிய எமோஜி படத்தின் பகுதியாகிவிடும், எங்கு போனாலும் அதே உருவம்தான். கூட எழுதும் வரியில் போடும் எமோஜியைப் பெறுபவரின் போன் தன் பாணியில் வரைந்துகொள்ளும். பார்வர்ட் ஆகும்போது அந்த வரியே உதிர்ந்துவிடக்கூடும். கண்ணடிக்கும் முகம் போன்ற வெளிப்படையான குறி இல்லாமல் உலகைக் கடவுளே படைத்தார் என்று வாதிடுபவர்களைப் பகடி செய்தால் யாரோ ஒருவர் அதை நிஜமென்றே நம்புவார் என்று நேதன் போ என்பவர் 2005-இல் எழுதினார். போ விதி என்ற பெயரே அதிலிருந்து வந்தது. அதற்காக 😉 ஒட்டினால் நக்கல் செத்துவிடும். எழுத்தை முழுக்க நீக்கி, படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டி 'யார் யாரைக் கலாய்க்கிறார்கள்?' என்று கேட்பதே உருப்படியான சோதனை. பதில் சொல்ல அவர் யோசித்தால் எமோஜியை நகர்த்துங்கள்.

பார்வர்டில் இன்னொன்றும் உதிர்கிறது. அந்த மனிதர் உங்கள் நண்பர் என்ற விவரம். அவர் முகத்தில் 🤡 வைத்தால், நண்பர்களுக்குள் அது செல்லச் சீண்டல். அறிமுகமில்லாதவர் கையில் அதே படம் ஒரு மனிதரை அவமதிக்கும் படம். அலமாரியில் வைத்த 🏆 எங்கு போனாலும் கேலியை அலமாரி மேலேயே நிறுத்தும். குழுவை விட்டு வெளியே போகக்கூடிய மீம் என்றால் எமோஜியை வேலையின் மேல் வையுங்கள், ஆளின் மேல் வைக்காதீர்கள். முகத்தையும் அவரிடம் கேட்ட பிறகே படத்தில் விடுங்கள்.