22 கிலோவாட்னு எழுதியிருந்தா 22 வருமா? உங்க காருக்கு ஏத்த பப்ளிக் சார்ஜர் பாக்கற முறை

முதல்ல கார்ல சார்ஜிங் மூடியத் திறந்து உள்ள பாருங்க. மேல ஏழு ஓட்டையோட வட்டமா ஒரு சாக்கெட், அதுக்குக் கீழ பெருசா இன்னும் ரெண்டு ஓட்டை (தனி ரப்பர் மூடி போட்டு மறைஞ்சிருக்கலாம், அதையும் தூக்கிப் பாருங்க) இருந்தா உங்களது சிசிஎஸ்2. மேல இருக்கறது டைப் 2, ஏசிக்கு. கீழ ரெண்டும் டிசி ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கு. அதனால டைப் 2 ஏசி சார்ஜர், சிசிஎஸ்2 டிசி சார்ஜர் ரெண்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்து ஆன்போர்டு சார்ஜர்னு கார் உள்ள ஒரு பெட்டி இருக்கும், ஏசிய டிசியா மாத்தி பேட்டரிக்குக் குடுக்கறது அதுதான். கார் மேனுவல்ல அது எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸான்னு பாத்து வெச்சுக்கங்க. பாதிப்பேர் இதைப் பாக்கறதே இல்ல. ஏசில பேட்டரிக்குள்ள கரண்ட் போகற வேகம் இந்தப் பெட்டியத் தாண்டாது, வெளில எவ்ளோ பெரிய சார்ஜர் நின்னாலும் சரி.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். கார்ல 40 கிலோவாட் அவர் பேட்டரி, ஆன்போர்டு 7.2 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ். 22 கிலோவாட் டைப் 2 சார்ஜர்ல சொருகினா, அது மூணு ஃபேஸ்லயும் 32 ஆம்பியர் தர்றது, நம்ம கார் ஒரு ஃபேஸ்தான் எடுக்கும், 230 வோல்ட்டை 32ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 7.4, அதாவது கார் தன்னோட முழு 7.2யும் எடுத்துக்கும். ஆனா பக்கத்துல 11 கிலோவாட்னு ஒண்ணு இருக்கு, 7.2 விட 11 பெருசுதானேன்னு சொருகிடாதீங்க. அது ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர்தான், நமக்கு 3.7தான் கெடைக்கும். 20ல இருந்து 80 சதவீதம் ஏத்தணும்னா 24 கிலோவாட் அவர் வேணும், முதல் சார்ஜர்ல மூணரை மணி நேரம், ரெண்டாவதுல ஆறரை மணிக்கு மேல. நானும் இப்படித்தான் ஒரு தடவை அரை நாள் உக்காந்திருந்தேன்.

சார்ஜர்ல வெறும் சாக்கெட் மட்டும் இருந்தா கேபிள் நீங்கதான் கொண்டுபோகணும். அதுல 20 ஆம்பியர்னு அச்சடிச்சிருந்தா 4.6 கிலோவாட்டோட நின்னுடும், ஏன்னா பிளக்குக்குள்ள இருக்கற சின்ன ரெசிஸ்டர் கேபிளோட அளவை சார்ஜருக்கு சொல்லிடும். 32 ஆம்பியர் கேபிளா வாங்குங்க.

அடாப்டர் விஷயம். டைப் 1ங்கற வேற வகை ஏசி சாக்கெட் இருக்கற கார டைப் 2 ஏசி சார்ஜர்ல போடறதுக்கு சாதாரண அடாப்டரோ கேபிளோ போதும், ரெண்டும் ஒரே மாதிரி சிக்னல்லதான் பேசும். ஆனா சாடெமோங்கற இன்னொரு வகை டிசி ஃபாஸ்ட் சார்ஜர் கன்ன சிசிஎஸ்2 கார்ல மாட்டற கதை வேற. சாடெமோ பேசறது கேன்ங்கற தகவல் தொடர்பு முறை மூலமா, சிசிஎஸ் பேசறது பவர்லைன் கம்யூனிகேஷன் மூலமா, நடுவுல மொழிபெயர்க்க எலக்ட்ரானிக்ஸ் வேணும், வெறும் கம்பி வேலைக்காகாது. அதனால சாடெமோ மட்டும் இருக்கற ஸ்டேஷன மேப்லயே தள்ளிடுங்க.

கடைசியா சொருகின ஒரு நிமிஷத்துல டேஷ்போர்டுல கிலோவாட் எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க. 7 எதிர்பாக்கற எடத்துல 3.6ன்னு நின்னா 16 ஆம்பியர் சார்ஜர்ல மாட்டியிருக்கீங்க, கழட்டி வேற எடம் பாருங்க.