ரூப்ரிக் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகம் நடக்கும் தவறு, ரூப்ரிக் எனும் மதிப்பீட்டு அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் வாசகத்தையே திரும்ப எழுதுவது. ஒரு விவாதக் கட்டுரைக்கு நான்கு நிலை ரூப்ரிக், அதில் 'சான்று' என்ற வரிசை என்று வைத்துக்கொள்வோம். 2-ஆம் நிலை: "சான்றுகள் உண்டு, கருத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பு விளக்கப்படவில்லை." 3-ஆம் நிலை: "பெரும்பாலான சான்றுகளின் தொடர்பு விளக்கப்பட்டுள்ளது." மாணவருக்கு 2 போட்டுவிட்டு, பக்கத்தில் "சான்றுக்கும் கருத்துக்கும் தொடர்பு விளக்கப்படவில்லை" என்று எழுதினால் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. எந்தச் சான்று, எந்தப் பத்தி என்பதுதான் அவருக்குத் தெரியாதது.

அதே இடத்தில் இப்படி எழுதலாம்: "பள்ளியில் கைபேசிக்குத் தடை வேண்டும் என்கிறாய். 2-ஆம் பத்தியில் நீ தரும் தூக்கக் கணக்கெடுப்பு, இரவில் வீட்டில் கைபேசி பார்ப்பதைப் பற்றியது. அது பள்ளி நேரத் தடைக்கு எப்படி ஆதாரமாகும் என்று சொல்லாமல் அடுத்த கருத்துக்குப் போய்விட்டாய். 3-ஆம் பத்தியிலும் இதே குறை. அதனால் 2. ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் 'இது என் கருத்தைத் தாங்குவது ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதிப் பார். எழுத முடியவில்லை என்றால் அந்தச் சான்றை மாற்று."

இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன: இடம் சுட்டப்படுகிறது, 3 ஏன் கிடைக்கவில்லை என்பது சொல்லப்படுகிறது, திருத்தம் செய்யக்கூடிய அளவில் தரப்படுகிறது. நடுவில் உள்ளதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், சொன்னதைத் திருத்திய பிறகு நிலை உயருமா என்று மாணவருக்குத் தெரியாது.

2-இல் இருப்பவருக்கு 4-ஆம் நிலையின் தேவையை எழுதுவதும் வீண். எதிர்வாதங்களைச் சான்றோடு மறுக்கச் சொன்னால், தன் சான்றையே இன்னும் விளக்காத மாணவர் எங்கிருந்து தொடங்குவார்? அடுத்த ஒரு நிலை போதும்.

எழுத்துப்பிழையைச் 'சான்று' வரிசையின் குறிப்பில் சேர்க்காதீர்கள். பிழைக்காகத்தான் மதிப்பெண் குறைந்தது என்று மாணவர் புரிந்துகொண்டு அதை மட்டும் திருத்திக் கொடுப்பார். "நல்ல முயற்சி, அருமை" என்று தொடங்கி 2 போடுவதும் இதே குழப்பத்தைத் தரும். பாராட்ட வேண்டுமென்றால், 2 கிடைக்கக் காரணமானதைப் பாராட்டுங்கள்: "கணக்கெடுப்பு எங்கிருந்து எடுத்தது என்று சொல்லியிருக்கிறாய், அதை அப்படியே வைத்துக்கொள்."

எழுதி முடித்ததும் மதிப்பெண்ணையும் குறிப்பில் உள்ள 'அதனால் 2' என்பதையும் மறைத்துவிட்டு, குறிப்பையும் ரூப்ரிக்கையும் மட்டும் இன்னோர் ஆசிரியரிடம் காட்டி நிலையைக் கேளுங்கள். அவர் 3 என்று சொன்னால், குறிப்போ மதிப்பெண்ணோ ஒன்று தவறு. கட்டுரையை மறுபடி படித்து எது என்று முடிவு செய்யுங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவில் அவர் தடுமாறினால் ரூப்ரிக்கையும் பாருங்கள். 'பெரும்பாலான' என்பது எத்தனை என்று அதில் இல்லை. ஐந்து சான்றுகளில் மூன்று விளக்கப்பட்டால் போதுமா, நான்கு வேண்டுமா என்பதை மதிப்பெண் போடத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, மாணவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.