மார்ஜினில் வாங்கும் முன் கணக்கிட வேண்டிய விலை

தரகரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்க உதவும் மார்ஜின் கணக்கைத் தொடங்கும் முறையைத் தரகு நிறுவனங்களே விளக்கிவிடுகின்றன. எந்த விலையில் நம் பங்குகள் நம்மைக் கேட்காமலே விற்கப்படும் என்பதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். சொந்தப் பணம் 1,00,000, கடன் 3,00,000, பங்கின் விலை 100, வாங்கும் பங்குகள் 4,000. கையிலிருப்பதைப் போல நான்கு மடங்குக்கு வாங்குவதால் இது நான்கு மடங்கு லெவரேஜ். விலை 1 சதவீதம் குறைந்தால் 4,000 ரூபாய் போகும். அது சொந்தப் பணத்தில் 4 சதவீதம். கடன் தொகை குறைவதில்லை என்பதால், இழப்பு முழுவதும் நம் பணத்திலிருந்தே கழிகிறது.

அடுத்த படியில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். விலை 25 சதவீதம் இறங்கினால்தான் சொந்தப் பணம் தீரும், அதுவரை காத்திருக்கலாம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் தரகர் அதுவரை காத்திருப்பதில்லை. பங்குகளின் அன்றைய மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம் எப்போதும் நம் பணமாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. இதைப் பராமரிப்பு மார்ஜின் என்பார்கள். அது 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்; அப்படியானால் கடன் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு பங்குக்கான கடனை (3,00,000 ÷ 4,000 = 75) 0.80 ஆல் வகுத்தால் 93.75 வருகிறது. அந்த விலையில் பங்குகளின் மதிப்பு 3,75,000, கடன் போக நமக்கு மிஞ்சுவது 75,000, அது சரியாக 20 சதவீதம். ஆக, விலை 6.25 சதவீதம் இறங்கினாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம்; சொந்தப் பணத்தில் கால் பங்கும் போயிருக்கும்.

இதை எக்செல் தாளில் நீங்களே போட்டு வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. செயலித் திரையில் இருக்கும் எண் நடந்து முடிந்ததைத்தான் காட்டும். சொந்தத் தாளில் இருந்தால், வாங்குவதற்கு முன்பே எண்களை மாற்றிப் பார்க்கலாம். B1இல் பங்குகளின் எண்ணிக்கை, B2இல் கடன், B3இல் பராமரிப்பு மார்ஜின் (20%) என இட்டு, B4இல் இதை எழுதுங்கள்:

```
=(B2/B1)/(1-B3)
```

இனி விலை 90க்கு வந்துவிட்டது என்று கொள்வோம். மதிப்பு 3,60,000, நம் பணம் 60,000, இருக்க வேண்டியது 72,000. பற்றாக்குறையான 12,000ஐக் கட்டச் சொல்லி மார்ஜின் கால் வரும். சில ஒப்பந்தங்களில் அந்த அவகாசம்கூடத் தராமல் விற்கும் உரிமை தரகருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: 12,000 பற்றாக்குறைக்கு 12,000 மதிப்புள்ள பங்குகளை விற்றால் போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. விற்ற பணம் கடனை அடைக்கிறதே தவிர, நம் பணத்தைக் கூட்டுவதில்லை. நம்மிடம் இருக்கும் 60,000 என்பது மொத்த மதிப்பில் 20 சதவீதமாக வேண்டுமென்றால் மதிப்பு 3,00,000 ஆகக் குறைய வேண்டும். எனவே பற்றாக்குறையைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஏறத்தாழ 667 பங்குகளை 90க்கு விற்றாக வேண்டும். மறுநாளே விலை 100க்குத் திரும்பினாலும், விற்றுப்போன பங்குகளில் ஏற்பட்ட 6,670 இழப்பு திரும்பாது. கடன் வாங்காமல் அதே பங்கை வைத்திருந்தவருக்கு விலை திரும்பியபின் எந்த இழப்பும் இல்லை.

குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆணை போட்டிருந்தால் தப்பிக்கலாம் என்று முழுமையாக நம்ப வேண்டாம். சந்தை மூடியிருக்கும்போது கெட்ட செய்தி வந்து, மறுநாள் விலை நேரடியாக 70இல் திறந்தால், 95இல் வைத்த ஆணை 70ஐ ஒட்டிய விலையில்தான் நிறைவேறும். அப்போது பங்குகளை எல்லாம் விற்றாலும் கிடைப்பது 2,80,000. சொந்தப் பணம் முழுவதும் போனபின், தரகருக்கு இன்னும் 20,000 தர வேண்டியிருக்கும்.

வட்டியையும் தாளில் தனி வரியாகச் சேருங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 3,00,000க்கு மாதம் 3,000. விலை அசையாமல் நின்றாலும் சொந்தப் பணத்தில் மாதந்தோறும் 3 சதவீதம் குறையும்.

கடைசிப் படி, கணக்கைத் தலைகீழாகப் போடுவது. எத்தனை மடங்கு கிடைக்கும் என்பதில் தொடங்காமல், இந்த ஒரு வர்த்தகத்தில் எவ்வளவு இழக்கலாம் என்பதில் தொடங்குங்கள். 5,000 வரை என்றால், 95இல் வெளியேறும் திட்டத்தில் ஒரு பங்குக்கு 5 இழப்பு. ஆகவே 1,000 பங்குகள்தான் வாங்கலாம். அதன் விலை 1,00,000. அது முழுவதும் உங்கள் கையிலேயே இருக்கிறது, கடன் தேவைப்படவில்லை.