லேத் சக்கு ஸ்பிண்டில் மரையில் இறுகிவிட்டால் கழற்றுவது எப்படி?

ஓசூரில் நான் வைத்திருக்கும் நாலரை அடி லேத்தில், ஆறு மாதமாகக் கழற்றாமல் இருந்த மூணு ஜா சக்கு மரையோடு இறுகிப்போனது. இந்த முறையில் அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. மரை போட்டு ஏற்றும் சக்குக்கு மட்டுமே இது பொருந்தும்.

முந்தின நாள் இரவே பேக் பிளேட்டும் ஸ்பிண்டில் தோளும் சேரும் இடத்தில் டீசல் விட்டு வையுங்கள். காலையில் அந்த இடத்தின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சக்கு அசைந்ததா, ஸ்பிண்டிலே சேர்ந்து சுற்றியதா என்று அந்தக் கோடுதான் சொல்லும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சக்குக்குக் கீழே பெட்டின் மேல் பலகை போட்டுவிடுங்கள்.

இப்போது ஸ்பிண்டிலைப் பிடிக்க வேண்டும். நான் தவறியது இங்கேதான். முன்பு ஒரு லேத்தில் புல் கியர் பின்னையும் போட்டு, பேக் கியரையும் சேர்த்து, ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு அடித்தேன். இரண்டும் சேர்ந்தால் ஸ்பிண்டில் துளியும் அசையாது. அதனால் அடியின் முழு வேகமும் ஒரே ஒரு வார்ப்பிரும்புப் பல்லில் போய் விழுந்தது. இரண்டு பற்கள் உடைந்தன. அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். பின்னை எடுத்துவிட்டு, பேக் கியரை மட்டும் போட்டு, பெல்ட்டை ஒருவர் இறுக்கிப் பிடிக்கட்டும். அடி விழும்போது பெல்ட் கொஞ்சம் வழுக்கும், பல் தப்பிக்கும்.

அப்புறம் ஒரு இஞ்ச் அறுகோணக் கம்பியை மூன்று ஜாவிலும் நன்றாக இறுக்கி, அதில் நீளமான ரிங் ஸ்பேனர் மாட்டுங்கள். பைப் ரெஞ்சு வேண்டாம், சக்கின் உடம்பைக் கடித்துவிடும். சாதாரண வலது மரைக்கு ஸ்பேனரின் பிடி உங்கள் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அதைக் கீழ்நோக்கி அடியுங்கள். தொங்கி அழுத்தினால் பெல்ட்தான் வழுக்கும். செம்புச் சுத்தியலால் ஒரே வெட்டாக அடித்தால் மரை விடும்.

நாலு அடிக்கும் அசையாவிட்டால் பேக் பிளேட்டை மட்டும் ஹாட் ஏர் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, ஸ்பிண்டில் சூடாகும் முன் உடனே அடியுங்கள். எனக்குச் சூடாக்கிய பிறகு மூன்றாவது அடியில் சத்தம் மாறியது, சாக்பீஸ் கோடு ஒரு நூலளவு விலகியிருந்தது. பிறகு கையாலேயே சுற்றி எடுத்தேன். தோளில் ஒரு மெல்லிய எஃகுச் சுருள் நசுங்கி ஒட்டியிருந்தது. இப்போது ஏற்றும் முன் மரையையும் தோளையும் பிரஷ்ஷால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். கடைசிச் சுற்றில் சக்கை வீசிச் சுழற்றி மோதவிடுவதில்லை.

பின்சேர்க்கை: பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்து, எல்லாம் செய்தும் அசையவில்லை என்றார். பேக் பிளேட்டின் விளிம்பைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். ரிவர்ஸில் ஓட்டும்போது சக்கு கழலாமல் இருக்க யாரோ போட்ட கிரப் ஸ்க்ரூ கிரீஸுக்குள் மறைந்திருந்தது. ஆலன் கீயால் அதைத் தளர்த்தியதும் இரண்டே அடியில் வந்துவிட்டதாம். நீங்கள் முதலில் அதைத் தேடிவிட்டே டீசல் விடுங்கள்.