படத்தை மறைத்து நிறத்தை மட்டும் காட்டிப் பாருங்கள்: கலர் ஸ்கிரிப்டில் நடக்கும் தவறுகள்

6 நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றுக்கு நிறம் பார்த்துக் கொடுத்தேன். வசனமே கிடையாது. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஓர் அம்மா, மகன் வேலைக்காக வெளியூர் போகிறான், அவள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறாள், கடைசியில் ஒரு விடியற்காலை திரும்பவும் கரியைப் பற்றவைக்கிறாள். அவ்வளவுதான் கதை. 10 வினாடிக்கு ஒரு கட்டம் என்று வைத்து 36 கட்டங்களில் முழுப் படத்தின் நிறத்தையும் ஒரே தாளில் போட்டோம், அதுதான் கலர் ஸ்கிரிப்ட். அந்தத் தாளில் செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நானே செய்தேன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு, எல்லாரும் செய்வது: கோபத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம் என்று ஒரு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி ஒட்டுவது. நிறம் தனியாக நின்று எதையும் சொல்லாது, அதற்கு முன்னால் என்ன நிறம் ஓடியது என்பதை வைத்துத்தான் கண் அதைப் படிக்கும். ஒரு நிமிடம் ஆரஞ்சு வெளிச்சத்தில் இருந்துவிட்டு வெறும் சாம்பல் நிறச் சுவரைக் காட்டினால் அது நீலமாகத் தெரியும். அதனால் ஒரு காட்சி சூடாகத் தெரிய வேண்டுமென்றால் அதை மட்டும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டிருக்கக் கூடாது, அதற்கு முந்தைய காட்சியைக் குளிர்விக்க வேண்டும். எங்கள் படத்தின் கடைசியில் வரும் கரி நெருப்பை ஐடிராப்பரில் தொட்டுப் பார்த்தால் மங்கிய செங்கல் நிறம்தான் வரும். சுற்றிலும் நீலச்சாம்பல் இருப்பதால் தணல் மாதிரி எரிகிறது.

அந்தத் தணல் நிறத்தில்தான் பெரிதாகச் சறுக்கினேன். அது அம்மாவின் நிறம், தொடக்கத்தில் தேய்ப்புப் பெட்டிக்குள் கொஞ்சம், பிறகு காணாமல் போய், முடிவில் மட்டும் திரும்ப வர வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். சரி, முடிவு செய்தாயிற்று. ஆனால் 9 முதல் 13 வரையான கட்டங்கள் பேருந்து நிலையம், இரவு, மகனை வழியனுப்பும் காட்சி. இரவு என்றதும் கை தானாகச் சோடியம் விளக்கைப் போட்டுவிட்டது. 50 வினாடி, திரை முழுக்க ஆரஞ்சு. அதற்கப்புறம் கடைசியில் ஒரு கைப்பிடித் தணலைக் காட்டினால் யாருக்கு உறைக்கும்? தனியாக அந்தக் காட்சியைப் பார்த்தபோது அழகாக இருந்தது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 36 கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் தெரிந்தது. சோடியத்தைத் தூக்கிவிட்டு வெள்ளை எல்இடி போட்டோம், இப்போது பல ஊர்களில் தெருவிளக்கே அப்படித்தான் மாறிவிட்டது. வழியனுப்பும் காட்சி இன்னும் இரக்கமில்லாமல் ஆனது, அது இலவசமாகக் கிடைத்த லாபம். ஒரு நிறத்தை ஒதுக்கிவைத்தால் அது வேறு எங்கே கசிகிறது என்று பின்னணியில் தொங்கும் போஸ்டர், பிளாஸ்டிக் குடம், பேருந்தின் பெயிண்ட் வரைக்கும் தேட வேண்டும்.

அடுத்தது, நிறம் மாறியதைப் பார்த்து மனநிலையும் மாறிவிட்டது என்று நம்பிவிடுவது. எங்கள் முதல் தாளில் காலைக் காட்சி இளம் மஞ்சள், மழைக் காட்சி நீலம், பார்க்க நன்றாக வேறுபட்டிருந்தன. கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் 36 கட்டமும் ஒரே சாம்பல் பட்டை. வெளிச்ச அளவு, அதாவது வேல்யூ, எங்கேயும் நகரவே இல்லை. நிறத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் படம் உடை மாற்றுகிற மாதிரி இருக்கும், ஆள் மாறியிருக்க மாட்டார். திருத்தியபோது காலையை வெளுப்பாக்கினோம், பேருந்து நிலையத்தில் இருட்டையும் வெள்ளையையும் மோதவிட்டோம், தார்ப்பாய் போட்ட நாட்களை வேறுபாடே இல்லாத நடுச்சாம்பலில் வைத்தோம், முடிவை எல்லாவற்றையும் விட இருட்டாக்கி அதில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி வைத்தோம். ஆமாம், நம்பிக்கை வரும் காட்சிதான் படத்திலேயே மிக இருட்டான காட்சி. இருட்டு என்றால் சோகம் என்ற கணக்கு இங்கே எடுபடவில்லை, உப்புச்சப்பில்லாத நடுச்சாம்பல்தான் அதிகம் அழுத்தியது.

இதைச் சோதிக்கும்போது ஃபோட்டோஷாப்பின் `Desaturate` கட்டளையை நம்பாதீர்கள். அது அப்பட்டமான மஞ்சளையும் அப்பட்டமான நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும், கண்ணுக்கோ மஞ்சள் எவ்வளவோ பிரகாசம். மேலே ஒரு கருப்பு லேயர் போட்டு அதன் பிளெண்ட் மோடை `Color` என்று மாற்றினால் சரியாகத் தெரியும். கட்டங்களை அனிமேட்டிக்கின், அதாவது ஸ்டோரிபோர்டு படங்களை நேரப்படி ஓடவிடும் முன்வீடியோவின், நேரத்தில் அடுக்கி வீடியோவாக வைத்திருந்தால் இன்னும் சுலபம், ffmpeg நிரலில் இந்த ஒரு வரி போதும்:

```
ffmpeg -i animatic.mp4 -vf "fps=1/10,scale=160:-1,format=gray,tile=6x6" -frames:v 1 sheet.png
```

`format=gray,` என்பதை எடுத்துவிட்டால் அதே தாள் நிறத்தோடு வரும். இதில் இன்னொரு நன்மை, தாள் நேரத்தை மறைக்காது. காட்சிக்கு ஒரு கட்டம் என்று வரைகிறவர்கள் 8 வினாடிக் காட்சிக்கும் 80 வினாடிக் காட்சிக்கும் ஒரே இடம் கொடுத்துவிடுகிறார்கள். தாளில் சமமாகத் தெரிவது திரையில் ஒன்று சலிக்கும், ஒன்று கண்ணில் படாமலே போகும்.

கட்டங்களை அழகாக வரைவதும் தவறுதான், கொஞ்சம் கசப்பாக இருக்கும். முகபாவம் தெரிகிற அளவுக்கு வரைந்துவிட்டால் உணர்ச்சியை முகம் சொல்கிறதா நிறம் சொல்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. 1995இல் வந்த டாய் ஸ்டோரிக்கு ரால்ஃப் எகிள்ஸ்டன் பாஸ்டலில்தான் கலர் ஸ்கிரிப்ட் போட்டார். மொத்தையான பாஸ்டல் கட்டியை வைத்துக்கொண்டு கண்ணிமை வரைய முடியாது, அந்த வசதியின்மைதான் இங்கே தேவை. கணினியில் என்றால் ஒரே பெரிய பிரஷ், ஜூம் செய்யக் கூடாது.

கடைசிச் சோதனை. தாளை முழுக்க மங்கலாக்கி, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்தெந்தக் கட்டத்தில் ஏதோ மாறுகிறது என்று மட்டும் தொடச் சொன்னேன். 9ஐத் தொட்டார், 14ஐத் தொட்டார், 32ஐத் தொட்டார். 22ஐத் தாண்டிப் போய்விட்டார். எங்களுக்கு அது முக்கியமான இடம், மகனின் தொலைபேசி அழைப்புகள் நின்றுபோகும் இடம். 14இலிருந்தே நிறத்தின் செறிவை ஒவ்வொரு கட்டத்திலும் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டே போயிருந்தோம், ரொம்ப நுணுக்கம் என்று எங்களுக்குப் பெருமை வேறு. அவ்வளவு மெதுவாக மாறினால் கண் பழகிக்கொண்டே வந்துவிடும், மாறியதே தெரியாது. அதனால் 14 முதல் 21 வரை அவள் வீட்டுச் சுவரில் ஒரு மஞ்சள் பல்பின் வெளிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு, 22இல் ஒரேயடியாக அணைத்தோம். தணலோடு குழம்பாமல் இருக்க அதை எலுமிச்சைப் பக்கம் தள்ள வேண்டியிருந்தது.

இன்னொருவரிடம் காட்டினோம். 22இல் சட்டென்று விரல் வைத்து, “இங்கே யாரோ செத்துட்டாங்களா?” என்று கேட்டார். யாரும் சாகவில்லை, ஆனால் அதை நிறத்தால் சொல்ல முடியாது, அது ஸ்டோரிபோர்டின் வேலை. இடம் சரியாக விழுந்திருந்தது, தாளை லைட்டிங் குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.